படம் வந்தது, தடயம் வரவில்லை

எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் பெரியப்பா ஒருவர் உண்டு. விடிகாலை ஐந்தரைக்கு எழுந்து, காபிக்கு முன்னால் நான்கு படமாவது அனுப்பிவிடுவார். ஒரு நாள் மழைத் தண்ணீரில் பாதி மூழ்கிய பஸ் ஸ்டாண்ட் படம் ஒன்று வந்தது. கூடவே எனக்குத் தனியாகக் குரல் செய்தி: "தம்பி, நீதான் பத்திரிகைல இருக்கியே, இது நிஜமா ஒட்டு வேலையான்னு பார்த்துச் சொல்லு."

படத்தைக் கணினிக்கு மாற்றித் திறந்து பார்த்தேன். எந்த போனில் எடுத்தது, எந்த நாள், எந்த ஊர் என்று எதுவுமே கோப்புக்குள் இல்லை. ஒட்டுவேலை இருக்கிறதா என்று சோதிக்கும் மென்பொருளில் போட்டால், படம் முழுக்க ஒரே மாதிரி புள்ளி புள்ளியாக மினுங்கியது. "தெரியலை பெரியப்பா" என்றேன். "என்னப்பா, படிச்ச புள்ள" என்று வைத்துவிட்டார்.

அவர் கேட்டது நியாயமான கேள்விதான். பதில் சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம் படம் வந்த வழி. அந்த வழியில் என்ன நடக்கிறது என்று பார்க்க, தெரு முனை டீக்கடைப் பலகையை வைத்து ஒரு சின்னச் சோதனை செய்தேன்.

பலகையில் 'டீ 12' என்று இருந்தது. போனில் படம் எடுத்தேன். 4000 பிக்ஸல் அகலம், 3000 பிக்ஸல் உயரம். ஆக ஒரு கோடியே இருபது லட்சம் புள்ளிகள். கோப்பின் எடை ஏறக்குறைய மூன்றரை எம்பி. கோப்பின் தலைப்பகுதியில் போனின் மாடல், எடுத்த நாள், நொடி சுத்தமாக நேரம், லென்ஸ் திறப்பு, அட்சரேகை தீர்க்கரேகை எல்லாம் எழுதியிருந்தன. இதைத்தான் மெட்டாடேட்டா என்கிறோம். அதற்குள்ளேயே தபால்தலை அளவில் படத்தின் குட்டிப் பிரதி ஒன்றும் ஒளிந்திருக்கும். படத்தைத் திருத்தும் மென்பொருள் சில நேரம் இந்தக் குட்டிப் பிரதியை மாற்ற மறந்துவிடும். பெரிய படத்தில் இல்லாத ஆள் குட்டிப் படத்தில் நின்றுகொண்டிருப்பார்.

பிறகு வேறொரு கடையின் பலகையை இன்னொரு போனில் எடுத்து, அதிலிருந்து '20' என்ற எண்ணை வெட்டி, என் படத்தில் 12க்கு மேல் ஒட்டினேன். ஓரங்களைக் கொஞ்சம் மழுப்பினேன். கண்ணுக்கு நன்றாகவே பொருந்திவிட்டது. ஆனால் கோப்பைத் திறந்தால், திருத்திய மென்பொருளின் பெயர் `Software` என்ற வரியில் பச்சையாக உட்கார்ந்திருந்தது. சோதனை மென்பொருளிலோ, மொத்தப் பலகையும் மங்கலாக இருக்க, '20' மட்டும் தனியே பளிச்சென்று தெரிந்தது. மாட்டிக்கொண்டேன்.

அந்தப் படத்தை மனைவியின் போனுக்கு வாட்ஸாப்பில் சாதாரணமாக அனுப்பி, அங்கே வந்து சேர்ந்த கோப்பை எடுத்துப் பார்த்தேன். அளவு 1600க்கு 1200. எடை கால் எம்பிகூட இல்லை. மெட்டாடேட்டா முழுக்கத் துடைக்கப்பட்டிருந்தது, மென்பொருளின் பெயர் உட்பட. சோதனையில் போட்டால் எழுத்துகளின் ஓரமெல்லாம் ஒன்றுபோல மினுங்கின. 12 இருந்த இடத்தில் ஒட்டிய 20க்கும், பெயின்டர் கையால் எழுதிய 'வடை 10'க்கும் வித்தியாசம் இல்லை.

மெட்டாடேட்டா போவது எல்லோருக்கும் ஓரளவு தெரிந்த விஷயம். அதிகம் பேசப்படாதது இரண்டாவது இழப்பு, புள்ளிகளுக்குள் இருந்த தடயம் அழிவது. அதைப் புரிந்துகொள்ள ஜேபெக் என்கிற படச் சுருக்க முறை எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஜேபெக் ஒரு படத்தை எட்டுக்கு எட்டு புள்ளி கொண்ட சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கும், ஓடு பதித்த தரை மாதிரி. ஒவ்வொரு கட்டத்திலும் வெளிச்சம் எவ்வளவு மெதுவாக மாறுகிறது, எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைச் சில எண்களாக ஆக்கும். இடம் மிச்சம் பிடிக்க, அந்த எண்களை முழுசாக எழுதாமல் தோராயமாக்கி எழுதும். கண் கவனிக்காத நுணுக்கம் அங்கேதான் போகிறது.

மளிகைக்கடைக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் எல்லாத் தொகையையும் பத்து பத்தாக ஆக்கி எழுதுகிறார். 37 ரூபாய் 40 ஆகும், 32 ரூபாய் 30 ஆகும். நோட்டில் 0, 10, 20, 30, 40, 50, 60 தவிர வேறு தொகையே இருக்காது. இப்போது இன்னொரு கணக்குப்பிள்ளை வந்து, அதே நோட்டை ஆறு ஆறாகத் தோராயமாக்கித் திருப்பி எழுதுகிறார். 10க்கு அருகில் இருப்பது இரண்டு ஆறு, 20க்கு மூன்று ஆறு, 30க்கு ஐந்து, 40க்கு ஏழு, 50க்கு எட்டு, 60க்குப் பத்து. அவருடைய நோட்டில் 'ஓர் ஆறு', 'நாலு ஆறு', 'ஆறு ஆறு', 'ஒன்பது ஆறு' என்ற பதிவுகள் ஒரு தடவைகூட வராது. பல் போன சீப்பு மாதிரி நடுநடுவே இடைவெளி விழும். முதல் கணக்குப்பிள்ளையை நீங்கள் பார்த்ததே இல்லை. ஆனாலும் இந்த இடைவெளிகளை வைத்தே 'இதை முன்னால் ஒருவர் பத்து பத்தாக எழுதியிருக்கிறார்' என்று சொல்லிவிடலாம்.

தடயவியல்காரர்கள் படத்தில் தேடுவது இந்தச் சீப்பைத்தான். என் போன் ஒரு தடவை சுருக்கியது, திருத்தும் மென்பொருள் சேமிக்கும்போது இரண்டாம் தடவை சுருக்கியது. பலகையின் மற்ற பகுதிகளில் இரண்டு சுருக்கத்தின் இடைவெளியும் ஒழுங்காக இருக்கும். ஒட்டிய '20' வேறு போனிலிருந்து, வேறு சுருக்கத்தோடு வந்தது; ஓட்டுத் தரையில் அதன் ஓடும் நேராகப் பொருந்தாமல் இரண்டு மூன்று புள்ளி தள்ளி விழுந்திருக்கும். அதனால் அந்த இடத்தில் மட்டும் சீப்பு வேறு மாதிரி இருக்கும். கோப்பு முழுதாக இருக்கும்வரை இது நல்ல சாட்சி.

வாட்ஸாப் இரண்டு வேலை செய்கிறது. முதலில் படத்தைச் சிறிதாக்குகிறது, பிறகு கடுமையாகச் சுருக்குகிறது. 4000 என்பது 1600 ஆகும்போது, பழைய எட்டுப் புள்ளிக் கட்டம் மூன்று புள்ளி சொச்சமாகக் குறுகிவிடுகிறது. அதன் மேல் வாட்ஸாப் புதிதாக எட்டுப் புள்ளிக் கட்டங்களைப் போடுகிறது. ஒரு புதுக் கட்டத்துக்குள் ஒவ்வொரு பக்கமும் பழைய இரண்டரைக் கட்டம் வந்து விழுகிறது. பத்து பத்தாக எழுதிய தொகைகளைக் கலந்து கூட்டிச் சராசரி எடுத்தபின் சீப்பு எங்கே மிஞ்சும்? பல்லும் இல்லை, இடைவெளியும் இல்லை. சிறிதாக்காமல் சுருக்கினால்கூட, பின்னால் வரும் சுருக்கம் முன்னதைவிடக் கடுமையானதாக இருந்தால் முந்தைய தடயம் பெரும்பாலும் அதற்கடியில் புதைந்துபோகும். வாட்ஸாப்பின் சுருக்கம் போனின் சுருக்கத்தைவிடப் பொதுவாகக் கடுமைதான்.

2023ல் வந்த எச்டி வசதியில் படம் இந்த அளவுக்குச் சிறிதாவதில்லை. ஆனால் அதிலும் புதிதாகச் சுருக்கித்தான் அனுப்புகிறது, மெட்டாடேட்டாவும் போய்விடுகிறது. எச்டியில் அனுப்பினால் ஒரிஜினல் போகும் என்று நினைப்பவர்கள் நிறைய. போகாது.

ஒவ்வொரு கேமராவின் சென்சாருக்கும் கைரேகை மாதிரி ஒன்று உண்டு. சிலிக்கான் தகட்டில் எந்த இரண்டு புள்ளியும் ஒளியைத் துல்லியமாக ஒரே அளவில் வாங்காது. அந்தச் சிறு வேறுபாடு அந்த போனில் எடுத்த எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் படியும். அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் ஜெசிக்கா ஃபிரிட்ரிக் குழுவினர் 2006ல் வெளியிட்ட முறை இது. இந்தக் கைரேகையும் மிக மெல்லியது. ஆறு புள்ளியைக் கலந்து ஒன்றாக்கும்போது மங்கிவிடும். முழுதாகச் சாகாது என்பதையும் சொல்ல வேண்டும். சந்தேகப்படும் போன் கையில் இருந்து, அதில் எடுத்த படங்கள் நிறையக் கிடைத்து, படம் எந்த விகிதத்தில் சிறிதாக்கப்பட்டது என்றும் தெரிந்தால், ஆய்வகத்தில் சில சமயம் மீட்கிறார்கள். பெரியப்பாவின் குழுவில் உட்கார்ந்துகொண்டு செய்யும் வேலை இல்லை அது.

வாட்ஸாப் இதையெல்லாம் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. மெட்டாடேட்டாவைத் துடைப்பது நம்மைக் காப்பாற்றவும்தான். 2012 டிசம்பரில், போலீஸ் தேடிக்கொண்டிருந்த ஆன்டிவைரஸ் தொழிலதிபர் ஜான் மெக்காஃபி எங்கோ ஒளிந்திருந்தார். அவரைச் சந்தித்த ஒரு பத்திரிகை அவருடைய படத்தை இணையத்தில் வெளியிட்டது. படத்தின் மெட்டாடேட்டாவில் இடக்குறிப்பு அப்படியே இருந்தது. கவுதமாலாவில் இருக்கிறார் என்று உலகத்துக்கே தெரிந்துவிட்டது. உங்கள் வீட்டுக் குழந்தையின் பிறந்தநாள் படத்தோடு வீட்டின் அட்சரேகையும் ஊர் சுற்றுவதை நீங்கள் விரும்பமாட்டீர்கள். எனக்குக் குறை ஒன்றுதான்: துடைத்ததை வாட்ஸாப் எங்கேயும் சொல்வதில்லை. வந்த படம் முழுசான படம் மாதிரியே தோன்றுகிறது.

போதாக்குறைக்கு, இல்லாத தகவலை இருப்பதுபோல் காட்டும் இடமும் ஒன்று இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் சேமித்த வாட்ஸாப் படத்தின் பெயர் இப்படி இருக்கும்:

```
IMG-20231204-WA0014.jpg
```

இதைப் பார்த்து 'படம் 2023 டிசம்பர் 4 எடுத்ததுதான், பெயரிலேயே இருக்கு' என்று வாதாடியவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அந்தத் தேதி, படம் அந்த போனுக்கு வந்த நாள். 0014 என்பது அன்றைக்கான வரிசை எண். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் எடுத்த படம் ஒன்று மிக்ஜாம் புயலின்போது உங்களுக்கு வந்திருந்தால், அதற்கும் இதே பெயர்தான் கிடைத்திருக்கும். பழைய படத்துக்குப் புதிய பிறப்புச் சான்றிதழ் மாதிரி.

ஃபார்வர்டு செய்யச் செய்யப் படம் தேய்ந்துகொண்டே போகும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது பாதிதான் உண்மை. குழுவில் வந்த படத்தை அம்புக்குறியை அழுத்தி அப்படியே ஃபார்வர்டு செய்தால், வாட்ஸாப் அதே கோப்பைத்தான் கைமாற்றுகிறது, மறுபடி சுருக்குவதில்லை. சேதமெல்லாம் முதல் தடவை ஏற்றும்போதே முடிந்துவிடுகிறது. மேலும் தேய்வது, யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பும்போதும், ஃபேஸ்புக்கில் போட்டு அங்கிருந்து இறக்கித் திருப்பி அனுப்பும்போதும், ஓரம் வெட்டி எழுத்து சேர்க்கும்போதும். அதிலும் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றுக்கும் மேல். அதற்குப் புதிதாக ஒரு தேதி வந்துவிடும், ஆனால் அது படத்தை எடுத்தவருடையது அல்ல, திரையைப் பிடித்தவருடையது.

இவ்வளவு தேய்ந்த படத்தில் சோதனை மென்பொருளை ஓட்டினால் என்ன ஆகும்? பிடிபட வேண்டியது தப்பிக்கும் என்பது ஒரு பக்கம். அதைவிட மோசமானது, நிஜமான படம் மாட்டிக்கொள்வது. இதற்குப் பெரிய உதாரணம் வாட்ஸாப் காலத்துக்குக் கொஞ்சம் முன்பே நடந்தது.

2012 நவம்பரில் காஸாவில், குண்டுவீச்சில் இறந்த இரண்டு சிறு குழந்தைகளின் உடலை உறவினர்கள் ஒரு சந்து வழியாகத் தூக்கிச் செல்வதை ஸ்வீடனைச் சேர்ந்த பால் ஹான்சன் படம் எடுத்தார். அது அந்த ஆண்டின் வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ பரிசை வென்றது. சந்தில் விழும் வெளிச்சம் சினிமா லைட்டிங் மாதிரி இருந்ததால் பலருக்குச் சந்தேகம். 2013 மே மாதம் நீல் க்ராவெட்ஸ் என்கிற தடயவியல் நிபுணர், இணையத்தில் கிடைத்த ஜேபெக் கோப்பை வைத்து, இது ஒன்றுக்கு மேற்பட்ட படங்களை ஒட்டியது என்று எழுதினார். இவர் சாதாரண ஆள் இல்லை. படத்தைத் திரும்பச் சுருக்கி, எந்த இடம் எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கும் 'பிழை அளவுச் சோதனை'யை 2007ல் பிரபலமாக்கியவரே அவர்தான். நான் டீக்கடைப் பலகையில் ஓட்டியதும் அதே வகைச் சோதனை.

பரிசு அமைப்பு என்ன செய்தது? ஹான்சனிடம் கேமராவிலிருந்து நேரடியாக வந்த, சுருக்கப்படாத 'ரா' கோப்பை வாங்கியது. டார்ட்மவுத் கல்லூரியில் அப்போது இருந்த ஹேனி ஃபரீத் உள்ளிட்ட நிபுணர்களிடம் கொடுத்தது. அவர்கள் ரா கோப்பையும் வெளியான படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். வெளிச்சமும் நிறமும் சில இடங்களில் கூட்டிக் குறைக்கப்பட்டிருந்தன. ஆனால் எதுவும் சேர்க்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை என்று சொன்னார்கள். பரிசு நிலைத்தது.

இணையத்து ஜேபெக்கை வைத்து நடந்த வாதம் எவ்வளவு வேண்டுமானாலும் நீண்டிருக்கலாம்; முடித்து வைத்தது ரா கோப்பு. ஹான்சனிடம் அது இல்லாமல், வாட்ஸாப்பில் வந்த பிரதி மட்டும் இருந்திருந்தால்? போர்முனையில் தன் போனில் எடுத்து, அனுப்பிவிட்டு, போனைத் தொலைத்த சாதாரண ஆளின் நிலை அதுதான். அவருடைய உண்மையும் அடுத்தவரின் பொய்யும் ஒரே 1600 பிக்ஸல் சட்டை போட்டுக்கொண்டு நிற்கும்.

சுருக்கத்தால் எல்லாப் பொய்யும் ஒரே அளவில் தப்பிக்கிறது என்றும் சொல்ல முடியாது. ஃபார்வர்டுகளில் நாம் அதிகம் பார்ப்பது ஒட்டுவேலை அல்ல. பழைய படத்துக்குப் புதுக்கதை. 2018ல் பிள்ளை பிடிப்பவர்கள் வதந்தியோடு இந்தியா முழுக்கச் சுற்றிய வீடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். பைக்கில் வந்தவர்கள் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிப்போவது அதில் தெரியும். அது பாகிஸ்தானின் கராச்சியில், குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக எடுத்த படம். கடைசியில் அவர்களே குழந்தையைத் திரும்ப விட்டுவிட்டு, அட்டை ஒன்றைத் தூக்கிக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் யாரோ வெட்டிவிட்டார்கள். இதில் எந்தப் புள்ளியும் திருத்தப்படவில்லை. எந்தத் தடயவியல் மென்பொருளும் எதையும் கண்டுபிடித்திருக்காது. முழு வீடியோவைத் தேடிப் பிடித்துத்தான் உண்மை வெளியே வந்தது. அந்த ஆண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பக்கம், குலதெய்வம் கும்பிடப் போன குடும்பத்தைப் பிள்ளை பிடிப்பவர்கள் என்று நினைத்து ஊரார் அடித்ததில் 65 வயது மூதாட்டி ஒருவர் இறந்தார்.

பழைய படத்தைத் தேடும் வேலைக்குச் சுருக்கம் பெரிய தடை இல்லை. கூகுள் லென்ஸ், டின்ஐ போன்ற தேடல்கள் படத்தின் பெரிய வடிவங்களை வைத்துப் பொருத்திப் பார்ப்பவை. மேகம், கட்டடம், கூட்டம் எல்லாம் 1600 பிக்ஸலிலும் பிழைத்துவிடும். கடைப் பலகையில் எந்த மொழி, பஸ்ஸின் நிறம், நிழல் விழும் பக்கம் ஆகியவையும் ஓரளவு பிழைக்கும். எழுத்து சிறிதாக இருந்தால் மட்டும் சுருக்கத்தில் கரைந்து குழைந்துவிடும். அதனால் இதுவரை எங்குமே வராத புதுப் படத்தில் செய்த ஒட்டுவேலைதான் சுருக்கத்தால் அதிக லாபம் அடைகிறது. தேடினாலும் கிடைக்காது, உள்ளே பார்த்தாலும் தெரியாது.

'மெட்டாடேட்டா இல்லை, ஆகவே போலி' என்ற முடிவுக்கும் போகக்கூடாது. வாட்ஸாப்பில் சாதாரணப் படமாக வந்த எதிலும் மெட்டாடேட்டா இருக்காது. அந்த இல்லாமையிலிருந்து ஒன்றும் தெரியாது. தெரிவது ஒன்று உண்டு: படம் கடைசியாக எந்த வழியாக வந்தது என்பது. ஒவ்வொரு தளமும் தோராயமாக்கும் எண்களின் அட்டவணை ஒன்றைக் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கும். அந்த அட்டவணையும் படத்தின் அளவும் சேர்ந்து தளத்தைக் காட்டிக்கொடுக்கும். ஃபேஸ்புக்கில் இறக்கிய படங்களில் `FBMD` என்று தொடங்கும் ஒரு நீளக் குறியீடு இருக்கும். 'இப்பத்தான் என் போன்ல எடுத்தேன்' என்று ஒருவர் கொடுக்கும் கோப்புக்குள் அந்த நான்கு எழுத்து இருந்தால், அவரிடம் இரண்டாவது கேள்வி கேட்கலாம்.

நீதிமன்றத்துக்குப் போகும்போது இது வேறு விதமாக இடிக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63வது பிரிவு, மின்னணுச் சான்றோடு ஒரு சான்றிதழைக் கேட்கிறது. அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் எழுத வேண்டும். ஹாஷ் என்பது கோப்பிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் ஒரு நீள எண். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் எண் முழுக்க மாறிவிடும். இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் இந்தப் பூட்டு, பூட்டிய நேரத்திலிருந்துதான் காவல் காக்கும். வாட்ஸாப்பில் வந்த என் டீக்கடைப் படத்துக்கு ஹாஷ் எடுத்துச் சான்றிதழ் கொடுத்தால், 'இந்தக் கோப்பு அன்றிலிருந்து மாறவில்லை' என்பது சந்தேகமில்லாமல் நிரூபணமாகும். டீ 12 ரூபாயா 20 ரூபாயா என்பது நிரூபணமாகாது. ஒரிஜினல் கோப்பின் ஹாஷும் வாட்ஸாப் பிரதியின் ஹாஷும் ஒருபோதும் ஒத்துப்போகாது என்பதால், உண்மையான படம் வைத்திருப்பவரும் குறுக்கு விசாரணையில் 'இரண்டும் வேறு வேறு கோப்புதானே?' என்ற கேள்விக்கு 'ஆமாம்' என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

அதனால் விபத்து, அடிதடி, நிலத் தகராறு என்று எதைப் படம் எடுத்தாலும், எடுத்த போனில் அந்தக் கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள். வக்கீலுக்கோ நிருபருக்கோ வாட்ஸாப்பில் அனுப்ப வேண்டுமென்றால், பேப்பர் கிளிப் படத்தை அழுத்தி, கேலரிக்குப் போகாமல் `Document` வழியாக அந்தக் கோப்பைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். அப்படி அனுப்பினால் கோப்பு தொடப்படாமல் போகும், ஹாஷ்கூட மாறாது. நான் சோதித்ததில் மூன்றரை எம்பியும் அட்சரேகையும் அப்படியே போய்ச் சேர்ந்தன. வீட்டு முகவரியும் சேர்ந்தே போகும் என்பதால் யாருக்கு அனுப்புகிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதை எழுதி முடிக்கும் நேரத்தில் ஒன்று நடந்தது. சோதனைக்காக மனைவியின் போனுக்கு அனுப்பிய அந்த 20 ரூபாய் டீப் படத்தை, அவள் வேடிக்கையாகத் தன் தங்கைக்கு அனுப்பியிருக்கிறாள். மூன்றாம் நாள் காலை ஐந்தரைக்கு அது எங்கள் குடும்பக் குழுவுக்குத் திரும்பி வந்தது, 'அக்கிரமம்! டீ 20 ரூபாய்!' என்ற வரியோடு. அனுப்பியவர் பெரியப்பா.

"பெரியப்பா, அது நானே ஒட்டினது" என்றேன்.

"சும்மா சொல்லாத. பார்த்தா நிஜமாத்தானே இருக்கு?"

ஒரிஜினலை `Document` ஆக அனுப்பினேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு குரல் செய்தி வந்தது: "என்னமோ ஃபைலா வருது தம்பி, இறங்க மாட்டேங்குது. சாதா படமா அனுப்பு."